குட்டி நாயின் பழகும் பருவம்: மனிதர், வண்டி, மற்ற நாய்கள்

எட்டு வாரக் குட்டியை நீங்கள் வீட்டுக்குக் கொண்டு வரும்போது, அது உலகத்தோடு பழகுவதற்கான பருவத்தில் ஏறக்குறைய பாதி முடிந்துபோயிருக்கும். அந்தப் பருவம் பிறந்த மூன்றாவது வாரத்தில் தொடங்கி, 12 முதல் 14 வாரத்துக்குள் மெல்ல மூடிக்கொள்கிறது. அந்த நாட்களில் புதிதாக ஒன்றைக் கண்டால் ‘என்ன இது?’ என்று கிட்டே போகத் தோன்றும். அதற்குப் பிறகு அதே பொருளைக் கண்டால் முதலில் ‘ஆபத்தோ?’ என்று பின்வாங்கத் தோன்றும்.

இது வெறும் அனுபவப் பேச்சு இல்லை. ஃப்ரீட்மன், கிங், எலியட் என்ற மூவர் 1961இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். வேலியடைத்த வயலில், மனிதத் தொடர்பு இல்லாமல் தாயோடு வளர்ந்த குட்டிகளை வெவ்வேறு வயதில் எடுத்து, ஒரு வாரம் மனிதரோடு பழகவிட்டார்கள். சில வார வயதிலேயே எடுக்கப்பட்டவை எளிதாக ஒட்டிக்கொண்டன. 14 வாரம் வரை யாரையும் காணாத குட்டிகளோ காட்டு விலங்கு போல மிரண்டு நின்றன.

சரி, உங்கள் கையில் இருப்பது ஐந்தாறு வாரம். உடனே எல்லோருக்கும் ஒரு பரபரப்பு வரும்: ‘நூறு பேரைக் காட்டணும், கடைத்தெருவுக்குத் தூக்கிட்டுப் போகணும்.’ என் முதல் குட்டியிடம் நான் செய்த தவறு அதுதான். வீட்டில் ஒரு விசேஷம், இருபது பேர் வந்திருந்தார்கள். குட்டி கைக்குக் கை மாறியது. சத்தமே போடவில்லை, ‘என்ன சமர்த்து!’ என்றார்கள். நானும் நம்பினேன். அடுத்த வாரத்திலிருந்து யார் கை நீட்டினாலும் அது கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. அன்று அது சமர்த்தாக இல்லை, பயத்தில் உறைந்து போயிருந்தது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே எத்தனை பேரைப் பார்த்தது என்பதை எண்ணாதீர்கள். ஒவ்வொரு சந்திப்பிலிருந்தும் குட்டி எப்படி வெளியே வந்தது என்பதைப் பாருங்கள். உங்கள் கையில் இருக்கும் முக்கியமான கருவி தூரம். தீனி அதற்கு அடுத்ததுதான்.

முதலில் குட்டியைப் படிக்கப் பழகுங்கள்

வெளியே போவதற்கு முன் இரண்டு நாள் வீட்டிலேயே அதைக் கவனியுங்கள். நிம்மதியாக இருக்கும்போது அதன் வால், காது, வாய் எப்படி இருக்கின்றன? உடம்பு நெகிழ்ந்திருக்கிறதா? இந்தச் சாதாரண நிலையை மனதில் வைத்துக்கொண்டால்தான் மாற்றம் தெரியும்.

பயத்தின் முதல் அடையாளங்கள் சின்னவை. பசி இல்லாமலே உதட்டை நக்கும், தூக்கம் இல்லாமலே கொட்டாவி விடும், முகத்தை வேறு பக்கம் திருப்பும், ஒரு முன்காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கும். அப்புறம் வால் கால்களுக்கு நடுவே போகும், கண்ணின் வெள்ளை ஓரமாகத் தெரியும், உடம்பு கட்டைபோல் ஆகும். வழக்கமாகப் பாய்ந்து வாங்கும் தீனியை அது மறுத்தால், ஏற்கனவே எல்லை தாண்டிவிட்டீர்கள். உறைந்த குட்டிக்கும் அமைதியான குட்டிக்கும் வித்தியாசம் காண எளிய வழி ஒன்று உண்டு. அமைதியான குட்டி அங்குமிங்கும் திரும்பிப் பார்க்கும், மோப்பம் பிடிக்கும், தீனி வாங்கும். உறைந்தது இந்த மூன்றில் எதையும் செய்யாது.

இன்னொன்றையும் கவனியுங்கள்: திடுக்கிட்ட குட்டி எவ்வளவு நேரத்தில் தேறுகிறது? திடுக்கிடுவது தவறில்லை. சில நொடிகளில் உடம்பை உதறிக்கொண்டு மறுபடி மோப்பம் பிடிக்கத் தொடங்கினால் நல்லது. ஒரு நிமிடம் ஆகியும் மூலையில் ஒடுங்கி நின்றால், அன்றைய பாடம் அதோடு முடிந்தது.

பயந்த குட்டியைத் தூக்கி அணைத்தால் பயம் கூடும் என்று சொல்பவர்கள் உண்டு. நம்பாதீர்கள். பயம் ஓர் உணர்ச்சி, தீனி கேட்டுச் செய்யும் வித்தை இல்லை. ஆறுதல் சொல்வதால் அது வளராது. தூக்குங்கள், விலகிப் போங்கள். பயந்த பொருளை நோக்கி அதைத் தள்ளுவதுதான் தவறு.

தடுப்பூசி முடியும் வரை காத்திருக்கலாமா?

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். குட்டிக்குத் தடுப்பூசி வழக்கமாக ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில், 16 வாரம் அல்லது அதற்குச் சற்றுப் பிறகு வரை போகிறது. இத்தனை முறை போடுவதற்குக் காரணம் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருள்கள். அவை குட்டியின் உடம்பில் இருக்கும் வரை ஊசியை வேலை செய்ய விடாது. அவை எப்போது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடும். அதனால் கடைசி ஊசி வரை முழுப் பாதுகாப்பு இருக்கிறதென்று சொல்ல முடியாது. ஆனால் 16 வாரம் வரை வீட்டுக்குள் பூட்டி வைத்தால் பழகும் பருவம் போய்விடும்.

இரண்டையும் சேர்த்துச் சமாளிக்க வழி உண்டு. பெரிய ஆபத்து பார்வோ என்ற வைரஸ். அது நோயுற்ற நாயின் மலத்தில் வரும், மண்ணில் பல மாதம் உயிரோடு இருக்கும். ஆகவே அறியாத நாய்கள் வந்துபோகும் தரையில் குட்டியின் கால் படக் கூடாது, மூக்கும் படக் கூடாது. வெளியுலகத்தைக் கண்ணால் காண்பதற்கும் காதால் கேட்பதற்கும் தடையே இல்லை. கையில் தூக்கிக்கொண்டோ, முன்பக்கம் தொங்கும் பையில் வைத்தோ, நிறுத்திய காரில் மடியில் வைத்தோ காட்டலாம். வீட்டுத் தரையிலும், ஊசி முழுவதும் போட்ட ஆரோக்கியமான நாய்கள் மட்டும் வாழும் நண்பர் வீட்டிலும் இறக்கி விடலாம். முதல் ஊசி போட்டு ஏழு நாள் ஆகி, முதல் குடற்புழு மருந்தும் கொடுத்திருந்தால், சுத்தமான இடத்தில் நடக்கும் குட்டிகளுக்கான வகுப்புக்கும் போகலாம் என்பது கால்நடை நடத்தை மருத்துவர்கள் பலரும் ஏற்றுக்கொண்ட கருத்து. உங்கள் பகுதியில் நோய் பரவியிருந்தால் கணக்கு மாறும். உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். வாந்தி, ரத்தம் கலந்த பேதி, சோர்வு என்று எது தெரிந்தாலும் அன்றே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

மனிதர்கள்

நாய்க்கு ‘மனிதர்’ என்று பொதுவாக ஒரு வகை கிடையாது. தாடி வைத்தவர், தலைக்கவசம் போட்டவர், கைத்தடி ஊன்றி நடப்பவர், குடை பிடித்தவர், சக்கர நாற்காலியில் வருபவர், கத்தி ஓடும் பிள்ளை என ஒவ்வொருவரும் அதற்குத் தனி வகை. வீட்டில் பெரியவர்கள் மட்டும் இருந்தால் பிள்ளைகளைத் தேடிப் பிடியுங்கள். பிற்காலத்தில் அதிகச் சிக்கல் வருவது அங்கேதான்.

வருபவரிடம் முன்கூட்டியே மூன்று விஷயம் சொல்லிவிடுங்கள்: குனிந்து தலையைத் தடவ வேண்டாம், பக்கவாட்டில் திரும்பி உட்காருங்கள், குட்டி தானாக வரட்டும். வந்தால் மார்பையோ தோளையோ மூன்று நொடி தடவிவிட்டு கையை எடுக்க வேண்டும். குட்டி மறுபடி கையை நோக்கி வந்தால் இன்னும் வேண்டும் என்று அர்த்தம். விலகினால் விட்டுவிட வேண்டும். இந்த மூன்று நொடி விதியைப் பிள்ளைகள் விளையாட்டாகவே கற்றுக்கொள்கிறார்கள். பெரியவர்கள்தான் ‘எனக்கு நாய்னா ரொம்பப் பிடிக்கும், என்னை ஒண்ணும் செய்யாது’ என்று தொடங்குவார்கள்.

தயங்கும் குட்டிக்கு அந்நியர் கையால் தீனி கொடுக்க வைப்பது நல்ல யோசனை போலத் தெரியும். ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. குட்டிக்கு அந்த ஆள் மேல் பயம், தீனி மேல் ஆசை. ஆசை இழுக்க, அது தன் தைரியத்துக்கு மீறி நெருங்கிப் போகிறது. தீனியை விழுங்கிய அடுத்த நொடி நிமிர்ந்து பார்த்தால், பயந்த ஆளின் மூக்குக்கு நேரே நிற்கிறது! அங்கிருந்துதான் குரைப்பும் கடியும் வரும். அதற்குப் பதிலாக அந்த ஆள் தீனித் துண்டைக் குட்டியின் தலைக்கு மேலாக, அதற்குப் பின்னால் போய் விழும்படி எறியட்டும். குட்டி விலகிப் போய் எடுக்கும், நிம்மதி அடையும், பிறகு தானே திரும்பி வரும். நாலைந்து முறை இப்படி நடந்தால், ஒவ்வொரு முறையும் அது முன்னைவிடக் கொஞ்சம் கிட்டே வருவதைப் பார்க்கலாம்.

வண்டிகள்: மிளகு என்ற குட்டியின் 12 நாள்

வண்டியைப் பழக்குவதில் எல்லோரும் அவசரப்படுவதால் இதை விரிவாகவே சொல்கிறேன். மிளகு என் இரண்டாவது நாய். ஒன்பது வாரத்தில் அவளை வாசலுக்குத் தூக்கிப் போனேன். பக்கத்தில் யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினார்கள். அவள் என் அக்குளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஐந்து நிமிடம் தீனி வாங்கவில்லை. எட்டு முதல் பத்து வாரக் குட்டிகளுக்கு ஒரே ஒரு பயங்கூட ஆழமாகப் பதியலாம். அதனால் மறுநாள் அதே இடத்துக்குப் போகவில்லை.

வண்டி என்பது பல பொருள்கள் சேர்ந்தது. சத்தம், அசைவு, பெரிய உருவம், முகத்தில் அடிக்கும் காற்று எல்லாம் உண்டு. ஒவ்வொன்றாகப் பிரித்தேன். முதல் இரண்டு நாள் வீட்டுக்குள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தோம். தெருவில் வண்டிச் சத்தம் கேட்டதும் பட்டாணி அளவு வேகவைத்த கோழித் துண்டு. பத்து வண்டி போனதும் எழுந்துவிட்டோம், அவ்வளவுதான். இடையில், நிறுத்தி வைத்திருந்த என் வண்டியைச் சுற்றித் தீனி தூவினேன். சக்கரத்தை மோந்து பார்த்தாள்.

இதில் வரிசை முக்கியம். முதலில் சத்தம், அதற்குப் பிறகு தீனி. தீனியை முதலில் காட்டிப் பிறகு வண்டி வந்தால், தீனி வண்டியின் முன்னறிவிப்பாகிவிடும். சில குட்டிகள் தீனியைக் கண்டே பயப்படத் தொடங்கும். வண்டி போய்விட்டால் தீனியும் நின்றுவிட வேண்டும்.

மூன்றாம் நாள் அவளைத் தூக்கிக்கொண்டு தெருவிலிருந்து 30 அடியெடுப்பு தள்ளி நின்றேன். முதல் வண்டிக்குக் காது விறைத்தது. ஆறாவது வண்டியின்போது சத்தம் கேட்டதும் தெருவைப் பார்க்காமல் என் கையைத் திரும்பிப் பார்த்தாள். நெருங்கலாம் என்பதற்கு அந்தத் திரும்பல்தான் அனுமதிச் சீட்டு. அது வரும் வரை ஒரு அடியும் முன்னே போகாதீர்கள்.

ஐந்தாம் நாள் 20 அடியெடுப்பில் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. பிறகு ஒரு லாரி வந்து, ‘புஸ்’ என்று காற்றுப் பிரேக் போட்டு நின்றது. உறைந்தாள், தீனியை மறுத்தாள். பேசாமல் திரும்பி நடந்தேன். 40 அடியெடுப்பு தள்ளிப் போனதும் மூச்சு இறங்கியது, ஒரு துண்டு வாங்கினாள், வீட்டுக்கு வந்துவிட்டோம். மறுநாள் 30இல் இருந்து மறுபடி தொடக்கம். இந்தப் பின்வாங்கல் தோல்வி இல்லை, கணக்கிலேயே இருக்க வேண்டியது. எட்டாம் நாள் தெரு ஓரத்துக்குப் பத்து அடியெடுப்பில், பைக்குள் இருந்தபடி பேருந்தைப் பார்த்தாள். பன்னிரண்டாம் நாள் அதே பையில் தூங்கிவிட்டாள்.

ஒரே நிற்கையில் அடுத்தடுத்து வண்டிகள் போகும்போது குட்டியின் அதிர்ச்சி குறைந்துகொண்டே வந்தால் பழகுகிறது. முதல் வண்டிக்குக் காதை மட்டும் அசைத்தது, ஐந்தாவதுக்கு நடுங்குகிறதென்றால் பயம் ஏறுகிறது. இன்னும் பத்து நிமிடம் நின்றால் சரியாகிவிடும் என்று எண்ண வேண்டாம், கூடத்தான் செய்யும். நேரத்தைக் குறைத்துக் கொள்ளுங்கள், தூரத்தைக் கூட்டுங்கள்.

கைபேசியில் பதிவு செய்த வண்டிச் சத்தத்தை மெல்லிய அளவில் கேட்க வைப்பதும் உதவும், ஆனால் ஓரளவுதான். அதில் தரை அதிர்வு இல்லை, காற்று இல்லை, புகை வாசம் இல்லை.

ஊசிகள் முடிந்து மருத்துவர் தரையில் இறக்கலாம் என்று சொன்ன நாளில், நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. கை உயரத்திலிருந்து பார்த்த வண்டியும் தரையிலிருந்து பார்க்கும் வண்டியும் அவளுக்கு ஒன்றில்லை. மறுபடி 20 அடியெடுப்பு பின்னால் போய்த்தான் தொடங்கினோம். ஆனால் இந்த முறை நான்கு நாளில் முடிந்தது. தரையில் நடக்கும்போது கழுத்துப் பட்டையைவிட மார்புக் கச்சை நல்லது. மிரண்டு பின்னோக்கி இழுத்தால் பட்டை தலைவழியாகக் கழன்றுவிடும். கயிற்றைக் கையில் சுருட்டிக்கொண்டு, தெருவுக்கும் குட்டிக்கும் நடுவில் நீங்கள் நடங்கள்.

எதிர்ப் பக்கச் சிக்கலும் உண்டு: சில குட்டிகள் பயப்படாமல் சக்கரத்தை முறைத்து, உடம்பைத் தாழ்த்தித் துரத்தத் தயாராகும். பார்க்க அழகாக இருக்கும். விடாதீர்கள். முறைப்பு தொடங்கியதுமே பெயர் சொல்லித் திருப்பித் தீனி கொடுங்கள், தூரத்தைக் கூட்டுங்கள்.

மற்ற நாய்கள்

இதில் எண்ணிக்கையைவிடத் தேர்வுதான் முக்கியம். ஊசி போட்ட, குட்டிகளைப் பொறுத்துக்கொள்ளும், நிதானமான வளர்ந்த நாய் ஒன்று கிடைத்தால் அது பத்து முரட்டு நாய்களைவிட மேல். அந்த நாய் குட்டியை ஒரு முறை உறுமி விலக்கினால் பதறாதீர்கள். குட்டி பின்வாங்கி, சற்று நேரத்தில் பணிவாகத் திரும்பி வந்தால் பாடம் நடந்திருக்கிறது. உறுமலுக்குப் பிறகும் பெரிய நாய் துரத்திக்கொண்டே போனால் உடனே பிரியுங்கள்.

ஒத்த வயதுக் குட்டிகளோடு விளையாடும்போது, பார்ப்பவருக்கு எது விளையாட்டு, எது வம்பு என்று குழப்பம் வரும். நல்ல விளையாட்டில் முன்கால் தாழ்த்திப் பின்பக்கம் தூக்கிய வணக்கம் இருக்கும், துரத்துபவரும் துரத்தப்படுபவரும் மாறிக்கொள்வார்கள், பெரியது தானே கீழே விழுந்து சிறியதுக்கு வாய்ப்புக் கொடுக்கும். சந்தேகம் வந்தால் மேலே நிற்கும் குட்டியை ஐந்து நொடி பிடித்துக்கொள்ளுங்கள். கீழே கிடந்தது எழுந்து அதனிடமே ஓடி வந்தால் விளையாட்டுத்தான். நாற்காலிக்கு அடியில் போனால், அதற்கு விருப்பம் இல்லை. ஒரு நிமிடம் விளையாட்டு, சில நொடி இடைவேளை, மறுபடி விளையாட்டு என்று வைத்துக்கொண்டால் சூடு ஏறாது. ஒன்றையொன்று மெல்லக் கடித்து, வலித்தால் கத்தி, கத்தினால் நிறுத்திப் பழகும்போது கடியின் அழுத்தத்தை அடக்கக் கற்றுக்கொள்கின்றன. இதை மனிதர் சொல்லிக் கொடுப்பதைவிட இன்னொரு குட்டி எளிதாகச் சொல்லிக் கொடுக்கும்.

கயிறு இழுபட்ட நிலையில் எதிரெதிரே நாய்களைச் சந்திக்க விடாதீர்கள். கழுத்து இறுகும், உடம்பு விறைக்கும், விலக வழி இருக்காது. தெருவில் காணும் ஒவ்வொரு நாயிடமும் கொண்டுபோய் நிறுத்தவும் வேண்டாம். ‘நாயைக் கண்டால் ஓடிப் போய் வணக்கம் சொல்லணும்’ என்று அது கற்றுக்கொண்டால், பின்னாளில் போக முடியாதபோது குரைக்கும். பத்து நாயைப் பார்த்தால் ஒன்பதைக் கடந்து போகட்டும், தீனியோடு.

ஒரு நாளில் எவ்வளவு?

இந்த வயதில் குட்டி நாளில் 18 மணி நேரம் வரையோ அதற்கு மேலோ தூங்கும். ஆகவே புதிய அனுபவம் ஒன்று, அதிகம் போனால் இரண்டு, ஒவ்வொன்றும் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். ஒரு நாள் விருந்தாளி, மறுநாள் வண்டி, அதற்கடுத்த நாள் நண்பர் வீட்டு நாய், வாரத்தில் ஒரு நாள் வீட்டிலேயே ஓய்வு. களைத்த குட்டி கடிக்கும், மூர்க்கமாக ஓடும். அதை ‘இன்னும் விளையாடணும்’ என்று படித்துவிடாதீர்கள்.

நான் ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தேன். ஒரு நாளுக்கு ஒரு வரி: எதைப் பார்த்தாள், எத்தனை அடி தூரம், தீனி வாங்கினாளா, தேற எத்தனை நொடி. பத்து வரி சேர்ந்ததும் நினைவு பொய் சொல்வது தெரிந்துவிடும். ‘நல்லாத்தான் பழகிட்டு வரா’ என்று நான் நினைத்த வாரத்தில், தலைக்கவசம் அணிந்தவர் வந்த மூன்று முறையும் தேறும் நேரம் கூடியிருந்தது. வண்டியைவிட அந்தத் தலைதான் சிக்கல் என்று அந்த நோட்டுதான் காட்டியது. கவசத்தை நடுக்கூடத்தில் தரையில் வைத்து, அவள் முன்னாலேயே நான் போட்டுக் கழற்றி மூன்று நாளில் சரிசெய்தேன்.

14 வாரத்தில் கதவு அறைந்து மூடிவிடாது. அதுவரை பழகியதையும் தொடர்ந்து காட்டாவிட்டால் மங்கிப்போகும். ஆறு மாதத்துக்கு மேல், வளரும் பருவத்தில், பழகிய பொருளுக்கே திடீரென்று மிரளும் நாய்களும் உண்டு. அப்போதும் இதே தூரக் கணக்குதான், மெதுவாக. பெற்றோரின் குணத்தோடு பிறந்த பயந்த சுபாவம் இருந்தால் எல்லாம் சரியாகச் செய்தாலும் ஓரளவுக்கு மேல் மாறாது. தூரத்தில் வைத்தும் தீனி வாங்காமல், இரண்டு வாரம் ஆகியும் தேறும் நேரம் குறையாமல் இருந்தால், ‘வளர்ந்தால் சரியாகும்’ என்று தள்ளிப் போடாமல் நாய் நடத்தையில் பயிற்சி பெற்ற கால்நடை மருத்துவரிடம் அந்த நோட்டோடு போங்கள்.